கரண்ட் வந்ததும் கம்ப்ரசர் உடனே ஓடலாமா? டைம் டிலே ரிலே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் வந்ததும் உடனே கொடுக்காமல் சில நிமிடம் காக்க வைத்துக் கொடுப்பதுதான் டைம் டிலே ரிலே, சுருக்கமாக டிலே அல்லது டைமர். வீட்டு ஃப்ரிட்ஜ், ஒரு டன் முதல் இரண்டு டன் வரையிலான ஏசி, சின்னக் கடைகளில் இருக்கும் டீப் ஃப்ரீசர் ஆகியவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாமே சிங்கிள் பேஸில் ஓடுபவை. பெரிய த்ரீ பேஸ் இயந்திரங்களின் கதை வேறு.

கரண்ட் போயிட்டு உடனே வந்தா ஃப்ரிட்ஜுக்கு என்னதான் ஆகும்?

கம்ப்ரசர் ஓடும்போது கேஸ் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் 1.5 டன் ஆர்-32 ஏசியில் உறிஞ்சும் பக்கம் சுமார் 140 பிஎஸ்ஐ இருந்தால் தள்ளும் பக்கம் 400 பிஎஸ்ஐ வரை இருக்கும். மோட்டார் நின்ற நொடியிலும் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் வழி கேப்பிலரி என்ற முடி போன்ற குழாய் மட்டும்தான். அதன் வழியாகக் கசிந்து கசிந்துதான் இரண்டு பக்கமும் சமமாக வேண்டும்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முயல்கிறது. ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டாருக்குத் தொடக்கத்தில் வலு குறைவு, அதனால் சுழலாமல் அப்படியே நின்று உறுமும். ஓடும்போது 0.8 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் இப்படி மாட்டிக்கொண்டால் 8 ஆம்பியர் வரை இழுக்கலாம். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் பத்து மடங்கு கரண்ட் என்றால் சுருளில் ஏறக்குறைய நூறு மடங்கு சூடு. பத்து நொடி போல அப்படி நின்றபின் கம்ப்ரசரில் இருக்கும் ஓவர்லோடு என்ற காவல் சுவிட்ச் ‘டிக்’ என்று துண்டித்துக் காப்பாற்றும்.

எங்க வீட்ல பதினஞ்சு வருஷமா டிலே எதுவும் இல்ல. ஒண்ணும் ஆகலையே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கரண்ட் ஒரு மணி நேரம் போய் வருவது கம்ப்ரசருக்கு ஆபத்தே இல்லை. அதற்குள் அழுத்தம் சமமாகிவிடும். ஆபத்து எல்லாம் இரண்டு நொடி, அரை நிமிடம் போய் வரும் கரண்டில்தான். மழைக்காலத்தில் மரக்கிளை உரசிப் படபடவென்று போய் வருமே, அதுதான். உங்கள் பகுதியில் அது குறைவாக இருக்கலாம்.

இன்னொன்று, மேலே சொன்ன ஓவர்லோடு ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தெரியாமல் வேலை செய்திருக்கலாம். அது ஒரு சின்ன இரட்டை உலோகத் தகடு. சூடானால் வளைந்து துண்டிக்கும், ஆறினால் தானே சேரும். அவசரத்துக்கு உதவும் காவல் அது, தினமும் வேலை வாங்க வைத்ததல்ல. அது துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுருள் கம்பியின் வார்னிஷ் பூச்சு கொஞ்சம் வெந்துதான் மீள்கிறது.

மூணு நிமிஷம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எப்படி வந்த கணக்கு?

ஏசிக்கு அது பொருத்தமான கணக்கு. சாதாரண ரோட்டரி கம்ப்ரசர் உள்ள ஏசியில் மூன்று நிமிடத்தில் அழுத்தம் போதுமான அளவு இறங்கிவிடும்.

ஃப்ரிட்ஜுக்கு ஐந்து நிமிடம் வைப்பதே நல்லது. அதற்கு அழுத்தத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கம்ப்ரசரின் பக்கவாட்டில் இருக்கும் கறுப்பு டப்பாவுக்குள் பில்லை போல ஒரு பிடிசி இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது ஸ்டார்ட்டிங் சுருளுக்குக் கரண்டை விடும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் தானே சூடாகி அடைத்துக்கொள்ளும், ஓடும் நேரமெல்லாம் சூடாகவே இருக்கும். கரண்ட் போய் உடனே வந்தால் அது இன்னும் சூடாக இருப்பதால் ஸ்டார்ட்டிங் சுருளுக்குக் கரண்ட் போகாது. அழுத்தம் சமமாகியிருந்தாலும் மோட்டார் சுழலாது. அந்தப் பில்லை முழுதாக ஆற சுமார் ஐந்து நிமிடம் வேண்டும். மூன்று நிமிட ஸ்டெபிலைசரிலும் பெரும்பாலான ஃப்ரிட்ஜ் ஓடிவிடும். தனியாக டைமர் வாங்கி வைப்பவர்கள் ஐந்திலேயே வைத்துவிடலாம்.

இன்வெர்ட்டர் ஏசிக்கு இது வேணுமா?

வேண்டாம். அதில் கம்ப்ரசரை ஓட்டுவது உள்ளே இருக்கும் போர்டு. மெதுவாக, கட்டுக்குள் வைத்த கரண்டில் தொடங்கும், காத்திருக்கும் நேரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜும் அப்படித்தான். அவற்றில் பழுதாவது பெரும்பாலும் போர்டுதான். அதைக் காக்க ஏறி இறங்கும் வோல்டேஜுக்கான பாதுகாப்பு வேண்டும்.

இன்வெர்ட்டர் அல்லாத ஸ்ப்ளிட் ஏசியிலும் ரிமோட்டில் இயங்கும் இண்டோர் போர்டு மூன்று நிமிடம் காத்திருந்துதான் கம்ப்ரசரைப் போடும். ஃபேன் ஓடும், குளிர் வராது. அது பழுதல்ல. உண்மையிலேயே வெளி டிலே தேவைப்படுபவை கையால் திருப்பும் தெர்மோஸ்டாட் உள்ள ஃப்ரிட்ஜ், குமிழ் வைத்த பழைய ஜன்னல் ஏசி, டீப் ஃப்ரீசர், கண்ணாடிக் கதவு கூலர் ஆகியவைதான்.

கரண்ட் போனதும் நாமளே சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டா போதாதா?

போதும். ரிலே செய்வதும் அதைத்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கும், வீடு பூட்டியிருக்கும்போதும் அதைச் செய்ய ஆள் இருக்க வேண்டும். ஃபேன் ஒரு சுற்று மெதுவாகி மீண்டும் வேகம் பிடிப்பது போன்ற அரை நொடி வெட்டில் எழுந்து போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஸ்டெபிலைசர்ல டிலே இருக்குன்னு டப்பால போட்டிருக்கு. தனியா வேற வாங்கணுமா?

வேண்டாம், அது வேலை செய்கிறதென்றால். ஸ்டெபிலைசர்களில் இரண்டு வகை டிலே உண்டு. ஒன்று, கரண்ட் வந்த நொடியிலிருந்து எப்போதும் மூன்று நிமிடம் எண்ணுவது. மற்றது, கரண்ட் எவ்வளவு நேரம் இல்லை என்று பார்த்து முடிவெடுப்பது. பத்து நிமிடம் போயிருந்தால் சில நொடிகளில் கொடுத்துவிடும், பத்து நொடி போயிருந்தால் காக்க வைக்கும். டப்பாவில் ‘இன்டெலிஜென்ட் டைம் டிலே’ என்று போட்டிருப்பது இந்த இரண்டாவது வகை.

ஏசிக்கு இரண்டாவது வகை சௌகரியம். ஃப்ரிட்ஜுக்கு எங்கள் ஓட்டு முதல் வகைக்கு. நீண்ட வெட்டுக்குப் பின் கரண்ட் வந்ததும் தெருவில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும், வோல்டேஜ் சரிந்து நிற்கும். அது நிலைக்கு வர ஓரிரு நிமிடம் ஆகும். ஃப்ரிட்ஜில் மூன்று நிமிடத்தில் பால் கெட்டுவிடப் போவதில்லை.

சில ஸ்டெபிலைசர்களில் காத்திருக்காமல் உடனே கொடுக்க ஒரு பொத்தான் இருக்கும். கரண்ட் வந்ததும் குளிர் வேண்டுமென்று அதை அழுத்தும் பழக்கம் இருந்தால், டிலே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டிலே நேரத்துல ஃப்ரிட்ஜ் உள்ள லைட்டே எரியல. ஃப்யூஸ் போயிடுச்சா?

இல்லை. வெளியே மாட்டிய டிலே ஃப்ரிட்ஜுக்கு வரும் மொத்தக் கரண்டையும் நிறுத்தி வைக்கும், லைட்டும் அதில் அடக்கம். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து அப்போதும் எரியாவிட்டால்தான் ஃப்யூஸைப் பாருங்கள்.

டிலே நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறது?

ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றி அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் விளக்கை மாட்டுங்கள். குண்டு பல்பு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டெபிலைசரையோ டைமரையோ ஆஃப் செய்து பத்து நிமிடம் விட்டு ஆன் செய்து, விளக்கு எரியும்வரை ஃபோனில் நேரம் பாருங்கள். எப்போதும் எண்ணும் வகை என்றால் வைத்த நேரத்துக்கு அரை நிமிடம் முன்பின் இருக்கலாம், தவறில்லை.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். முக்கியமான சோதனை அடுத்ததுதான். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்து, விரலை எடுக்காமல் உடனே போடுங்கள். விளக்கு அணைந்து, மறுபடி முழு நேரமும் காத்திருந்து எரிய வேண்டும். இமைத்துவிட்டு உடனே எரிந்தால் அந்த டிலே நீண்ட வெட்டுக்கு மட்டும்தான் உதவும், கம்ப்ரசரை மாட்டிவிடும் குறும்வெட்டில் கைவிட்டுவிடும்.

மலிவான போர்டுகளிலும் கையால் செய்த சர்க்யூட்டுகளிலும் இந்தக் குறை சகஜம். நேரம் எண்ணுவது ஒரு கெப்பாசிட்டர் நிரம்புவதை வைத்து. கரண்ட் போன அரை நொடியில் அது காலியாக வழி இல்லாவிட்டால், திரும்பி வரும்போது ‘ஏற்கெனவே நிரம்பிவிட்டேன்’ என்று உடனே ரிலேயைப் போட்டுவிடும். எண்ணும் கெப்பாசிட்டரைச் சட்டென்று வடிக்க ஒரு டயோடு வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. நல்ல டைமரின் தாளில் ரீசெட் நேரம் என்று ஒரு வரி இருக்கும். அது 100 மில்லி செகண்டு அல்லது அதற்குக் கீழ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஜன்னல் ஏசிக்குத் தனியா டைமர் போடணும். என்ன வாங்கணும், எப்படி வயர் பண்ணணும்?

1.5 டன் ஜன்னல் ஏசியை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது 7, 8 ஆம்பியர், கிளம்பும் கணத்தில் 40 ஆம்பியர் வரை இழுக்கும். வேண்டியவை: 230 வோல்ட் வீட்டுக் கரண்டில் ஓடும் ஆன் டிலே டைமர் ஒன்று, 0 முதல் 10 நிமிடம் வரை வைக்கக்கூடியது. டைமர் சொன்னதும் கனமான கரண்டைப் போடும் சுவிட்சான காண்டாக்டர் ஒன்று, 25 அல்லது 30 ஆம்பியர், டபுள் போல், காயில் 230 வோல்ட். இரண்டையும் பொருத்த ஒரு சின்னப் பெட்டி. கன்ட்ரோல் பக்கத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர். ஏசிக்கு ஏற்கெனவே தனி 20 ஆம்பியர் எம்சிபி இருக்க வேண்டும்.

கடையில் ‘ஆன் டிலே’ என்று சொல்லிக் கேளுங்கள். ஆஃப் டிலே என்பது நேர் எதிர், அது உடனே போட்டுவிட்டு அணைப்பதைத் தாமதிக்கும். பல வேலை செய்யும் டைமராக இருந்தால் செலக்டரை ஆன் டிலேயில் வையுங்கள்.

எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்தபின் தொடங்குங்கள். எம்சிபியிலிருந்து வரும் பேஸ் மூன்று இடங்களுக்குப் போகும்: காண்டாக்டரின் முதல் போல், டைமரின் ஏ1, டைமரின் 15. நியூட்ரலும் மூன்று இடங்களுக்கு: காண்டாக்டரின் இரண்டாவது போல், டைமரின் ஏ2, காண்டாக்டர் காயிலின் ஏ2. டைமரின் 18-லிருந்து ஒரு வயர் காண்டாக்டர் காயிலின் ஏ1-க்கு. காண்டாக்டரின் மறுபக்கம் ஏசி சாக்கெட்டுக்கு. எர்த் எங்கும் வெட்டுப்படாமல் நேராகப் போக வேண்டும். டைமரில் 16 என்ற முனை காலியாக இருக்கும். தவறி 18-க்குப் பதில் அதில் மாட்டினால் கரண்ட் வந்ததும் ஏசி ஓடி, மூன்று நிமிடம் கழித்து நின்றுவிடும். அப்படி நடந்தால் தேட வேண்டிய இடம் அதுதான்.

எம்சிபியைத் தூக்கினால் டைமரில் லைட் மினுக்கும். மூன்று நிமிடத்தில் டைமரிலிருந்து ‘டிக்’, உடனே காண்டாக்டரிலிருந்து ‘டக்’ என்று கனமான சத்தம், ஏசிக்குக் கரண்ட். பேனல் வேலை பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

காண்டாக்டர் எதுக்குத் தெண்டம்? டைமர்லேயே நேரா ஏசியைக் கொடுத்தா என்ன?

டைமரின் தொடுமுனை பெரும்பாலும் 5 அல்லது 8 ஆம்பியருக்கானது, அதுவும் ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொன்ன கணக்கு. 40 ஆம்பியர் பாயும் மோட்டாரைக் கொடுத்தால் சில நாளிலோ சில மாதத்திலோ முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். இதில் கெட்டது என்னவென்றால் ஏசி நன்றாகவே ஓடும், டைமர் லைட்டும் சரியாகவே மினுக்கும், டிலே மட்டும் செத்திருக்கும். மேலே சொன்ன விளக்குச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் இதைப் பிடித்துவிடலாம்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால் காண்டாக்டர் இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் டைமரின் முனை 16 ஆம்பியராவது இருக்கட்டும்.

எங்க வீட்டுக்கு த்ரீ பேஸ் சர்வீஸ். லோ வோல்டேஜ் வந்தா பேஸ் மாத்துற குமிழைத் திருப்புவோம். அப்பவும் டிலே வேலை செய்யுமா?

டைமர் குமிழுக்குப் பிறகு இருந்தால் செய்யும். தமிழ்நாட்டு வீடுகளில் கம்ப்ரசரைப் படுத்தும் பழக்கங்களில் இதைத்தான் முதலில் சொல்லுவோம். குமிழைத் திருப்பும்போது கரண்ட் ஒரு நொடிகூட முழுதாகப் போவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் நின்று, முழு அழுத்தத்தோடு உடனே எழ வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் சரியில்லாத பேஸ் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒரே மாலையில் நாலைந்து முறை இதைச் செய்கிறார்கள். டிலே இல்லாத வீட்டில் குமிழைத் தொடும் முன் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தாலும் இதே கணக்குதான். வெட்டுக்கு இரண்டு முறை மாற்றம்: ஜெனரேட்டருக்குப் போகும்போது ஒன்று, ஈபிக்குத் திரும்பும்போது இன்னொன்று. இரண்டாவது கணநேரத்தில் முடிவதால் அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரீசெட் நேரம் குறைவான டைமர் இரண்டையுமே பிடித்துக்கொள்ளும்.

கடையில டீப் ஃப்ரீசர், கூலர், ஏசி மூணும் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே டைமர் போடலாமா?

போடக்கூடாது. கம்ப்ரசர்கள் காக்கப்படும்தான், ஆனால் மூன்றும் ஒரே நொடியில் கிளம்பும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைத்த கடையில் ஏசி மட்டும் கிளம்பும்போதே 40 ஆம்பியர், அதாவது 9 கே.வி.ஏ.க்கு மேல் கேட்கும். மற்ற இரண்டும் கூடச் சேர்ந்தால் ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் விழும், ஒன்றுமே கிளம்பாது.

ஒவ்வொன்றுக்கும் தனி டைமர் வைத்து நேரத்தைத் தள்ளி வையுங்கள். ஃப்ரீசருக்கு 5 நிமிடம், கூலருக்கு 6, ஏசிக்கு 8. ஐஸ்கிரீம் முதலில், ஆட்கள் பிறகு. அந்த ஜெனரேட்டரில் ஏசி தனியாகக் கிளம்புவதும் சந்தேகம்தான், அதை ஈபி லைனில் மட்டும் விடுவதே சரி.

கரண்ட் போகவே இல்ல, நான்தான் ஏசி குமிழைத் திருப்பி அணைச்சுப் போட்டேன். டைமர் காப்பாத்துமா?

மேலே சொன்ன வயரிங்கில் காப்பாற்றாது. டைமர் பார்ப்பது எம்சிபியிலிருந்து வரும் கரண்டை. ஏசியின் குமிழோ தெர்மோஸ்டாட்டோ கம்ப்ரசரை நிறுத்தினால் அதற்குத் தெரியாது. குழந்தைகள் ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டைத் திருகி விளையாடினாலும் இதே கதை.

இதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் டைமரை ஏசிக்குள்ளே தெர்மோஸ்டாட்டுக்குப் பிறகு கொண்டுபோக வேண்டும். தெர்மோஸ்டாட்டிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் பேஸ் வயரை நடுவில் வெட்டி, தெர்மோஸ்டாட் பக்கத்து முனையை டைமரின் ஏ1-க்கும் 15-க்கும் கொடுக்க வேண்டும். 18 காண்டாக்டர் காயிலுக்கு, காண்டாக்டர் வழியாகக் கம்ப்ரசருக்கு. அப்போது கம்ப்ரசர் எந்தக் காரணத்தால் நின்றாலும், மீண்டும் கேட்கும்போது மூன்று நிமிடம் காத்திருந்தே ஓடும். ஃபேன் மட்டும் காத்திருக்காமல் ஓடும். நல்ல ஏற்பாடு, ஆனால் ஏசியைத் திறக்க வேண்டும். ஏசி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

டிலே எல்லாம் சரியா இருக்கு. ஆனாலும் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’னு உறுமிட்டு டிக்னு நின்னுடுது. ஏன்?

முதலில் அணைத்துவிடுங்கள். உறுமி நின்று, ஓரிரு நிமிடத்தில் தானே முயன்று மறுபடி நிற்பதை மாலை முழுக்க விட்டுவைத்தால் சுருள் எரிந்துவிடும். பிறகு வோல்டேஜ் பாருங்கள். மோட்டார் கிளம்பும் வலு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230-க்குப் பதில் 180 வோல்ட் இருந்தால் வலு பாதிக்குச் சற்று மேல், 61 சதவீதம்தான். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த வலுவில் சில கம்ப்ரசர் எழாது. டைமர் நேரத்தை மட்டும்தான் பார்க்கும், வோல்டேஜைப் பார்க்காது. குறைந்தால் துண்டிக்கும் வோல்டேஜ் ரிலேயோ ஸ்டெபிலைசரோ தனியாக வேண்டும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் ஃப்ரிட்ஜில் அடுத்து பார்க்க வேண்டியது பிடிசி. பிளக்கைக் கழற்றி, டப்பாவைக் கம்ப்ரசரிலிருந்து இழுத்து எடுத்து, காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் பில்லை உடைந்திருக்கிறது. அந்த பிடிசி டப்பாவையும் ஓவர்லோடையும் சேர்த்து மாற்றினால் போதும். ஏசியில் அந்த இடத்தில் சந்தேகிக்க வேண்டியது ரன் கெப்பாசிட்டர். மேலே உப்பியிருந்தாலோ, அதன்மேல் எழுதியிருக்கும் அளவைவிட மீட்டர் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினாலோ மாற்றிவிடுங்கள். தொடுவதற்கு முன் அதில் தங்கியிருக்கும் கரண்டை வடித்துவிட வேண்டும்.

ஏசி ஒருமுறை இப்படி நின்றபின் பத்து நிமிடத்தில் ஓடவில்லை என்று கம்ப்ரசரைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஃப்ரிட்ஜின் ஓவர்லோடு வெளியே இருப்பதால் சீக்கிரம் ஆறும். பல ஏசி கம்ப்ரசர்களில் அது சூடான உடலுக்குள்ளேயே இருக்கிறது, ஆறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். வெளிப்புறம் கைவைக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.